23 மணி நேர நாள், 25 மணி நேர நாள்: மணிவாரி சார்ட்டை எந்த முறையில் வரைவது?

லண்டனில் ஓர் அலுவலகக் கட்டடத்தை எடுத்துக்கொள்வோம். இரவில் ஆள் இருப்பதில்லை. சர்வர் அறை, ஃபிரிட்ஜ், அவசர விளக்குகள் மட்டும் ஓடுகின்றன. மணிக்குப் பதினொன்றரை யூனிட் சுமார் செலவாகிறது. 2025 அக்டோபர் 26-ஆம் தேதிக்கான மணிவாரி சார்ட்டைத் திறந்தால், இரவு 1 மணிப் பட்டை மட்டும் 23 யூனிட்டுக்கு எழுந்து நிற்கிறது. அதே ஆண்டு மார்ச் 30-ஆம் தேதியைத் திறந்தால், அதே 1 மணியில் பட்டையே இல்லை. கட்டடத்தில் யாரும் எதையும் போடவும் இல்லை, அணைக்கவும் இல்லை. இரண்டு நாளிலும் மாறியது கடிகாரம்தான்.

பிரிட்டனில் மார்ச் கடைசி ஞாயிறு அன்று அதிகாலை 1 மணி ஆனதும் கடிகாரம் நேராக 2 மணிக்குப் போகிறது. அன்று 1:00 முதல் 1:59 வரை என்ற நேரம் யாருடைய வாழ்விலும் வராது. அக்டோபர் கடைசி ஞாயிறு அன்று கோடைக்கால நேரப்படி 2 மணி ஆனதும் கடிகாரம் திரும்ப 1 மணிக்கு வருகிறது. 1:00 முதல் 1:59 வரை இரண்டு தடவை கடக்கிறது. முதல் நாளின் நீளம் 23 மணி நேரம், இரண்டாவது நாளின் நீளம் 25 மணி நேரம். பிரிட்டிஷ் மின்சந்தையில் கணக்கு அரைமணிக் கூறுகளாக நடக்கிறது. அங்கே சாதாரண நாளுக்கு 48 கூறுகள், மார்ச் மாற்ற நாளுக்கு 46, அக்டோபர் மாற்ற நாளுக்கு 50. அதாவது, பணம் கைமாறும் இடத்தில் இந்த உண்மையை யாரும் மறைப்பதில்லை. மறைப்பது பெரும்பாலும் சார்ட்தான்.

அக்டோபர் 26 அதிகாலையை நெருங்கிப் பார்ப்போம். இடது பக்கம் எங்கும் நிற்காமல் ஓடும் யுடிசி நேரம், நடுவில் லண்டன் சுவர்க் கடிகாரம் காட்டும் நேரம், வலது பக்கம் அந்த ஒரு மணி நேரத்தில் செலவான யூனிட்:

```
யுடிசி     லண்டன்        யூனிட்
23:00     00:00 BST     11.8
00:00     01:00 BST     11.6
01:00     01:00 GMT     11.4
02:00     02:00 GMT     11.5
```

இடது பக்கத்தில் எந்தக் கோளாறும் இல்லை. ஒவ்வொரு வரிசையும் சரியாக 60 நிமிடம். நடுப் பத்தியில் `01:00` இரண்டு முறை வருகிறது. கூடவே இருக்கும் `BST`, `GMT` என்ற மூன்றெழுத்துதான் இரண்டையும் பிரிக்கிறது: முன்னது பிரிட்டனின் கோடைக்கால நேரம், பின்னது குளிர்கால நேரம். அந்த மூன்றெழுத்தை எறிந்துவிட்டு மணியின்படி கூட்டினால் 11.6-உம் 11.4-உம் சேர்ந்து 23.0 ஆகிவிடும். இரட்டைப் பட்டை இப்படித்தான் பிறக்கிறது.

இனி முடிவெடுக்க வேண்டிய கேள்வி: இந்த நாட்களை எப்படி வரைவது? நடைமுறையில் நான்கு வழிகள் உண்டு.

முதல் வழி: சுவர்க் கடிகார மணியின்படி கூட்டுவது

யாரும் யோசித்துத் தேர்ந்தெடுப்பதில்லை, தானாக அமைந்துவிடும் வழி இது. போஸ்ட்கிரஸில் இப்படி எழுதினால் போதும், தவறு உள்ளே வந்துவிடும்:

```sql
SELECT date_trunc('hour', ts AT TIME ZONE 'Europe/London') AS h,
       sum(kwh)
FROM readings GROUP BY 1;
```

`ts` என்பது `timestamptz` வகையாக இருந்தாலும், `AT TIME ZONE` போட்ட அந்த இடத்திலேயே டைம்ஸோன் தகவல் உதிர்ந்து வெறும் கடிகார நேரம் மிஞ்சுகிறது. அதன் பிறகு எந்த 1 மணி எது என்று கண்டுபிடிக்கவே முடியாது. எக்செல்லும் அப்படித்தான். அதன் தேதிக்கு டைம்ஸோன் கிடையாது, அதனால் இரண்டு 1 மணிகளும் ஒரே எண்ணாகிவிடும்.

மார்ச்சில் இந்த வழி வேறு விதமாகப் பொய் சொல்லும். 0 முதல் 23 வரை 24 இடங்களைத் தயாராக வைத்துக்கொண்டு, டேட்டா வராத இடத்தில் பூஜ்யம் போடும் சார்ட் என்றால், 1 மணிக்கு மின்சாரமே நின்றதுபோல் தெரியும். பூஜ்யம் என்பது "அளந்தோம், ஒன்றுமில்லை" என்ற கூற்று. இங்கே அளப்பதற்கு நேரமே இருக்கவில்லை. கோட்டுச் சார்ட்டாக இருந்தால் இன்னும் நுணுக்கமான ஏமாற்று நடக்கும்: 0 மணிப் புள்ளியிலிருந்து 2 மணிப் புள்ளிக்குக் கோடு சாய்வாக ஓடி, நடக்காத ஒரு மணி நேரத்துக்கும் ஒரு அளவை வரைந்து காட்டிவிடும்.

ஒரு நாளின் சார்ட்டுக்கு இந்த வழி ஒருபோதும் ஆகாது.

இரண்டாவது வழி: வலுக்கட்டாயமாக 24 ஆக்குவது

சிலர் அக்டோபரின் இரண்டு 1 மணிகளையும் சராசரி எடுத்து ஒன்றாக்குகிறார்கள். மார்ச்சின் விடுபட்ட மணிக்கு அக்கம்பக்கத்து மதிப்புகளின் நடுவை நிரப்புகிறார்கள். சார்ட் அழகாகிவிடும். உயரமும் இயல்பாக இருக்கும். ஆனால் பட்டைகளைக் கூட்டிப் பார்த்தால் நாள் மொத்தத்தோடு ஒத்துப்போகாது. நம் எடுத்துக்காட்டில் 11.6, 11.4 இரண்டின் சராசரி 11.5. அன்றைய கூட்டுத்தொகையிலிருந்து 11.5 யூனிட் காணாமல் போகிறது. மார்ச்சில் அதே அளவு யாரும் செலவழிக்காத மின்சாரம் முளைக்கிறது.

இந்த வழிக்கு ஒரே ஒரு நியாயமான இடம் உண்டு. 24 எண்களை மட்டுமே வாங்கிக்கொள்ளும் ஒரு பழைய மென்பொருளுக்கு வெப்பநிலை போன்ற கூட்டிப் பார்க்கக் கூடாத அளவுகளை அனுப்பும்போது சராசரி எடுக்கலாம், குறிப்போடு. யூனிட், டிக்கெட், அழைப்பு எண்ணிக்கை, விற்பனை என்று கூட்டத்தக்க எதற்கும் இது கூடாது.

மூன்றாவது வழி: முழுக்க யுடிசியில் வரைவது

இது நேர்மையானது. பட்டைகள் எல்லாம் சம அகலம், இடைவெளி இல்லை, இரட்டிப்பு இல்லை. சர்வர் கண்காணிப்பு, நெட்வொர்க் கோளாறு ஆராய்ச்சி, பல நாட்டு அலுவலகங்களை ஒரே சார்ட்டில் வைப்பது ஆகியவற்றுக்கு இதைத் தயங்காமல் தேர்ந்தெடுக்கலாம். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளும் பிரிட்டனும் ஒரே நொடியில், யுடிசி 1 மணிக்கு, கடிகாரத்தை மாற்றுகின்றன. அமெரிக்காவில் அந்தந்தப் பகுதியின் உள்ளூர் 2 மணிக்கு, அதுவும் வேறு ஞாயிறுகளில் மாறுகிறது. இவற்றை ஒரே படத்தில் கட்டிப்போட யுடிசி தவிர வேறு கயிறு கிடையாது.

ஆனால் மனிதர்களின் பழக்கம் யுடிசியில் ஓடுவதில்லை. காலை 8 மணிக்கு அலுவலகம் திறந்தால், குளிர்காலத்தில் அது யுடிசி 8 மணி, கோடையில் யுடிசி 7 மணி. மார்ச் 30-க்குப் பிறகு காலை ஏற்றம் ஒரு மணி நேரம் இடது பக்கம் நகர்ந்துவிட்டதுபோல் தெரியும். கட்டட மேலாளர் "ஏன் சீக்கிரம் ஹீட்டரைப் போடுகிறார்கள்?" என்று கேட்பார். யாரும் சீக்கிரம் போடவில்லை. கூடவே, யுடிசி நள்ளிரவில் நாளை வெட்டினால் கோடையில் லண்டன்காரரின் ஞாயிற்றுக்கிழமையில் ஒரு மணி நேரம் சனிக்கிழமைக் கணக்கில் போய் உட்கார்ந்துவிடும்.

நான்காவது வழி: இடம் யுடிசிப்படி, பெயர் உள்ளூர்ப்படி

பட்டை எங்கே நிற்க வேண்டும் என்பதை உண்மையில் கடந்த நேரம் தீர்மானிக்கட்டும். அதன் கீழே என்ன எழுத வேண்டும் என்பதை மட்டும் உள்ளூர்க் கடிகாரம் தீர்மானிக்கட்டும். ஒரு நாளின் சார்ட்டை மக்களுக்குக் காட்டும் எல்லா இடத்திலும் எங்கள் தேர்வு இதுதான்.

அக்டோபர் 26-க்கு 25 பட்டைகள் வரும், எல்லாம் ஒரே அகலம். இரண்டாவது பட்டையின் கீழ் `01:00 BST`, மூன்றாவதன் கீழ் `01:00 GMT`. மார்ச் 30-க்கு 23 பட்டைகள். `00:00 GMT` முடிந்த இடத்திலேயே `02:00 BST` தொடங்கும், நடுவில் வெற்றிடம் இருக்காது. இங்கே பலருக்குக் கை நடுங்குகிறது, ஒரு பட்டை அளவு இடம் விட்டால்தானே நேர்மை என்று. இல்லை. இடைவெளி விட்டால் "இங்கே டேட்டா இல்லை" என்று பொருள். டேட்டா முழுமையாக இருக்கிறது. இல்லாதது ஒரு பெயர் மட்டும்தான்.

அந்தத் தையலில் ஒரு மெல்லிய செங்குத்துக் கோடு போட்டு, "கடிகாரம் 1 மணி முன்னே" அல்லது "1 மணி பின்னே" என்று சிறிய எழுத்தில் குறிப்பது அவசியம். மூன்றெழுத்துச் சுருக்கத்தை எல்லா மணிக்கும் போட்டால் அச்சு நெரிசலாகிவிடும். மாற்றத்தின் இரு பக்கமும் உள்ள இரண்டு பெயர்களுக்கு மட்டும் போதும். மூன்று மணி நேரத்துக்கு ஒரு பெயர் என்று விட்டுவிட்டு எழுதும் சார்ட்டாக இருந்தால், அந்த இரண்டு 1 மணிப் பெயர்களையும் அன்று மட்டும் கட்டாயமாகக் காட்டச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் 0-க்கும் 3-க்கும் நடுவில் மூன்று பட்டைகள் நிற்பது ஏன் என்று பார்ப்பவருக்குப் புரியாது.

செய்முறை கடினமல்ல. முதலில் யுடிசியில் கூட்ட வேண்டும், பிறகு பெயர் சூட்ட வேண்டும். வரிசை மாறினால்தான் கேடு. போஸ்ட்கிரஸ் 12-உம் அதற்குப் பிந்தையதும் என்றால்:

```sql
SELECT date_trunc('hour', ts, 'UTC') AS h, sum(kwh)
FROM readings
WHERE ts >= timestamp '2025-10-26' AT TIME ZONE 'Europe/London'
  AND ts <  timestamp '2025-10-27' AT TIME ZONE 'Europe/London'
GROUP BY 1 ORDER BY 1;
```

நாளின் முடிவைத் தொடக்கத்தோடு 24 மணி நேரம் கூட்டிக் கணக்கிடவில்லை என்பதைக் கவனியுங்கள். அப்படிக் கூட்டினால் அக்டோபரில் இரவு 11 மணிப் பட்டை உதிர்ந்துவிடும். மார்ச்சில் மறுநாளின் முதல் மணி இந்த நாளுக்குள் நுழைந்துவிடும். அடுத்த நாளின் உள்ளூர் நள்ளிரவு எது என்று கேட்டு வாங்குவதுதான் சரி.

பாண்டாஸில், டைம்ஸோன் இல்லாத அரைமணி அளவுகள் வரிசை குலையாமல் கையில் இருந்தால்:

```python
s = s.tz_localize('Europe/London',
                  ambiguous='infer', nonexistent='raise')
h = s.tz_convert('UTC').resample('1h').sum()
h = h.tz_convert('Europe/London')
labels = h.index.strftime('%H:%M %Z')
```

`infer` என்பது 1:00, 1:30, 1:00, 1:30 என்று நேரம் பின்னால் திரும்புவதைப் பார்த்து எது முதல் 1 மணி, எது இரண்டாவது என்று தீர்மானிக்கிறது. டேட்டா இரண்டு தடவையும் வராவிட்டால் பிழை காட்டி நின்றுவிடும். அந்தப் பிழையை அடக்க `'NaT'` போடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. போட்டால் அந்த வரிசைகளின் நேரம் வெறுமையாகி, பிறகு கூட்டும்போது சத்தமில்லாமல் மறைந்துவிடும். பிழை நின்று கத்துவதே நல்லது. `nonexistent='raise'` வைப்பதும் அதே காரணத்துக்காகத்தான்: மார்ச் 30 அன்று 1:30 என்று ஒரு அளவு வந்தால், அந்த டேட்டா லண்டன் நேரத்தில் இல்லவே இல்லை என்று அர்த்தம்.

டேட்டா ஏற்கெனவே கெட்டிருக்கிறதா என்று பார்ப்பது

நான்காவது வழியைத் தேர்ந்தெடுத்த பிறகும், கையில் வரும் டேட்டா முன்பே ஒரு மணியை இழந்திருந்தால் எந்தச் சார்ட்டாலும் மீட்க முடியாது. அதனால் வரைவதற்கு முன் எண்ணிப் பார்க்க வேண்டும். அக்டோபர் மாற்ற நாளில் அரைமணி வரிசைகள் 50 இருந்தால் நிம்மதி. 48 மட்டும் இருந்தால் அடுத்ததாக 1 மணி வரிசைகளின் உயரத்தைப் பாருங்கள். அவை அக்கம்பக்கத்தைப்போல் இரு மடங்கு இருந்தால் யாரோ கூட்டிவிட்டார்கள். மொத்தம் தப்பவில்லை, பிரித்துக் காட்ட மட்டும் முடியாது. உயரம் இயல்பாக இருந்தால் நிலைமை மோசம்: தேதியும் மணியும் சேர்ந்த தனித்த சாவி உள்ள டேபிளில், இரண்டாவது 1 மணி வந்து முதல் 1 மணியின் மேல் எழுதிவிட்டது.

இதை உறுதிசெய்ய, மீட்டரில் ஏறிக்கொண்டே போகும் மொத்த யூனிட் எண் இருந்தால் போதும். நாள் தொடக்கத்து எண்ணை நாள் முடிவு எண்ணிலிருந்து கழித்து, பட்டைகளின் கூட்டுத்தொகையோடு ஒப்பிடுங்கள். ஏறக்குறைய 11 யூனிட் குறைந்தால் ஒரு மணி நேரம் அழிந்திருக்கிறது. அப்போது அந்த இடத்தைக் கோடுபோட்ட வெற்றுப் பட்டையாகக் காட்டி, "பதிவு இல்லை" என்று எழுதுவதே முறை. அந்த மொத்த எண்ணிலிருந்து தெரிந்த அளவை நிரப்புவதானால், கணக்கிட்டது என்று வேறு நிறத்தில் சொல்ல வேண்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. இரண்டு மாற்ற நாளிலும் சரியாக 48 வரிசைகள், மார்ச்சிலும் 1:00, 1:30 இருக்கின்றன என்றால், மீட்டர் ஆண்டு முழுதும் ஜிஎம்டியில் ஓடுகிறது என்று சந்தேகிக்கலாம். சோதிக்க, மார்ச் 30-க்கு முந்தைய வாரத்துத் திங்களையும் பிந்தைய திங்களையும் அடுக்கிப் பாருங்கள். காலை ஏற்றம் 8-லிருந்து 7-க்கு நகர்ந்திருந்தால் சந்தேகம் உறுதி. அப்படியானால் `tz_localize('UTC')` என்று தொடங்க வேண்டும். லண்டன் என்று தொடங்கி, மாற்ற நாட்களில் வரும் பிழையை அடக்கிவிட்டால், கோடை முழுதும் ஒவ்வொரு பட்டையும் ஒரு மணி நேரம் தள்ளி நிற்கும், வேறு எந்தப் பிழைச் செய்தியும் வராமலே.

பல நாட்களை அடுக்கும்போது முடிவு மாறும்

மேலே சொன்னதெல்லாம் ஒரு நாளின் சார்ட்டுக்கு. "அக்டோபரில் சராசரியாக எந்த மணிக்கு எவ்வளவு?" என்று கேட்டால், 24 இடங்கள் உள்ள சுவர்க் கடிகார அச்சுதான் சரியான விடை. மனிதர்கள் அந்தக் கடிகாரத்தைப் பார்த்துத்தான் எழுகிறார்கள், வேலைக்கு வருகிறார்கள். இங்கே கவனிக்க வேண்டியது வகுக்கும் எண். 2025 அக்டோபரில் 1 மணி 32 முறை வந்தது. மார்ச்சில் 30 முறை. இரண்டையும் 31-ஆல் வகுத்தால், மணிக்குச் சரியாக 11.5 யூனிட் செலவழிக்கும் கட்டடம் அக்டோபரில் 11.87, மார்ச்சில் 11.13 என்று காட்டும். மொத்தத்தை நாட்களால் வகுக்காமல், யுடிசியில் கூட்டிய மணிவாரி வரிசைகளின் சராசரியை எடுத்தால் வகுக்கும் எண் தானாகச் சரியாகிவிடும். ஆண்டு முழுவதற்கும் எடுத்தால் கூடுதல் ஒன்றும் குறைவு ஒன்றும் சேர்ந்து 1 மணிக்கும் 365 என்றே வரும். அதனால்தான் ஆண்டுச் சராசரியை மட்டும் பார்ப்பவர்களுக்கு இந்தத் தவறு கண்ணில் படுவதேயில்லை.

நாள் ஒரு வரிசை, மணி ஒரு பத்தி என்று கட்டம் கட்டமாக நிறமிடும் சார்ட்டில், மார்ச் 30-இன் 1 மணிக் கட்டத்தைச் சாம்பல் கோடுகளால் நிரப்புங்கள். பூஜ்யத்தின் நிறம் வேண்டாம். அக்டோபர் 26-இன் 1 மணிக் கட்டத்தைக் குறுக்கே இரண்டாக வெட்டி, மேலே 11.6, கீழே 11.4-க்கான நிறத்தை இடலாம். அது முடியாத கருவியில் இரண்டின் சராசரி நிறத்தை இட்டு, சுட்டியை வைக்கும்போது இரண்டு எண்களையும் காட்டலாம்.

நாள்வாரிச் சார்ட்டிலும் இதன் நிழல் விழும். மணிக்கு 11.5 யூனிட் என்றால் சாதாரண நாளுக்கு 276, மார்ச் மாற்ற நாளுக்கு 264.5, அக்டோபர் மாற்ற நாளுக்கு 287.5. நான்கு சதவீதம் ஏற்ற இறக்கம். மின்சிக்கனம் செய்தோம் என்று அறிக்கை எழுத அது போதுமான அளவு. அந்த இரண்டு நாட்களுக்கு மட்டும் நட்சத்திரக் குறி போட்டு, மொத்தத்தோடு மணிச் சராசரியையும் தர வேண்டும்.

ஏன் சோதனையில் தப்பித்துவிடுகிறது

குளிர்காலத்தில் லண்டன் நேரமும் யுடிசியும் ஒன்று. ஜனவரியில் எழுதிச் சோதித்த நிரலில் டைம்ஸோன் மாற்றமே மறந்திருந்தாலும் எல்லாம் சரியாகத் தெரியும். சென்னையில் உட்கார்ந்து எழுதுபவர்களுக்கு இன்னொரு மறைப்பும் உண்டு. `d3.scaleTime` போன்றவை பார்ப்பவரின் பிரவுசர் டைம்ஸோனில் பெயர் எழுதுகின்றன. `Asia/Kolkata`-வில் கடிகாரம் மாறுவதே இல்லை, அதனால் லண்டன்காரர் பார்க்கும் இரட்டை மணி இங்கே ஒருபோதும் தோன்றாது. யுடிசி முழு மணிக்குக் கூட்டிய பட்டைகள் இந்திய நேரத்தில் 5:30, 6:30 என்று அரைமணியில் விழும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். மூல அளவுகளை அரைமணியாகவே சேமித்து வைத்தால் இரண்டு பக்கமும் சமாளிக்கலாம்.

மாற்றம் எப்போதும் ஒரு மணி நேரம்தான் என்று எண்ணிவிடவும் கூடாது. இலங்கை 1996-இல் கடிகாரத்தை முன்னே தள்ளி, அதே ஆண்டு அக்டோபரில் அரைமணி பின்னே இழுத்தது. 2006 ஏப்ரலில் இன்னோர் அரைமணி இழுத்து மறுபடி 5:30-க்கு வந்தது. அரைமணி பின்னே இழுத்த அந்த இரண்டு நாட்களின் கொழும்பு டேட்டாவைச் சுவர்க் கடிகார மணியின்படி கூட்டினால், ஒரு பட்டையில் 90 நிமிடம் அடைபட்டிருக்கும், உயரம் ஒன்றரை மடங்கு. விதிகளை நாமே எழுதாமல் `Europe/London`, `Asia/Colombo` என்ற ஊர்ப் பெயர்களைக் கொடுத்துவிட்டால், டைம்ஸோன் தரவுத்தளம் இந்தப் பழைய மாற்றங்களையும் சேர்த்தே பார்த்துக்கொள்கிறது. `+01:00` என்று எண்ணைப் பதித்து வைத்தால் அது முடியாது.

சோதனைக்கு உண்மையான டேட்டா தேவையில்லை. 2025 மார்ச் 29 முதல் 31 வரையும், அக்டோபர் 25 முதல் 27 வரையும் உள்ள லண்டன் நாட்கள் முழுதாக அடங்கும்படி, ஒவ்வொரு அரைமணிக்கும் சரியாக 1 யூனிட் என்று யுடிசியில் உருவாக்கி, சார்ட்டுக்கு ஊட்டுங்கள். மார்ச் 30-க்கு 23 பட்டைகள், மொத்தம் 46. அக்டோபர் 26-க்கு 25 பட்டைகள், மொத்தம் 50. மற்ற நாட்களுக்கு 24 பட்டைகள், மொத்தம் 48. எல்லாப் பட்டையின் உயரமும் 2. எங்காவது 0 வந்தால் அச்சில் நடக்காத மணிக்கும் இடம் ஒதுக்கியிருக்கிறீர்கள். 4 வந்தால் யுடிசிக்கு முன்னால் பெயர் சூட்டியிருக்கிறீர்கள். எல்லாம் 2, ஆனால் அக்டோபரில் 24 பட்டைகள்தான் என்றால், முடிவில் ஒரு மணி வெட்டுப்பட்டிருக்கிறதா, நடுவில் ஒன்றின் மேல் ஒன்று எழுதப்பட்டிருக்கிறதா என்று கடைசிப் பட்டையின் பெயர் சொல்லிவிடும்: `22:00` என்றால் வெட்டு, `23:00` என்றால் மேலெழுத்து.